வாடகை ஒப்பந்த பிடிஎஃப்-இல் ஐந்து பேர் வரிசையாகக் கையெழுத்துப் போட வைப்பது எப்படி?

சென்னையில் இரண்டு பெட்ரூம் வீடு. ஓனர் கோவையில் இருக்கிறார். குடிவருபவர்கள் இரண்டு நண்பர்கள், அவர்களில் ஒருவர் இன்னும் பெங்களூரில். சாட்சிகள் இருவர். 11 மாத ஒப்பந்தம், மொத்தம் ஐந்து பக்கம்: முதல் பக்கம் ஸ்டாம்ப் பேப்பரின் ஸ்கேன், அடுத்த மூன்றில் நிபந்தனைகள், ஐந்தாவதில் வீட்டில் இருக்கும் ஃபேன், டியூப்லைட், கீசர் பட்டியல். கையெழுத்து இடம் நான்காம் பக்கத்தின் அடியில். இந்த ஒரே பிடிஎஃப்-ஐ டாக்குசைன் இணையதளத்தில் ஏற்றி, ஐந்து பேருக்கும் முறைப்படி அனுப்புவதைப் பார்ப்போம். வேறு இ-சைன் தளம் வைத்திருப்பவர்களுக்கு பட்டன் பெயர்கள் மாறும், வேலை அதேதான்.

ஏற்றுவதற்கு முன்

வாடகை, அட்வான்ஸ், தொடங்கும் தேதி, சாட்சிகளின் முகவரி எல்லாம் பிடிஎஃப் ஆக்கும் முன்பே டைப் ஆகியிருக்க வேண்டும். "______" என்று கோடு விட்டு அனுப்பினால், அதை யார் நிரப்புவது என்ற குழப்பம் வரும். ஒவ்வொரு பெயருக்கும் மேலே குறைந்தது 2 சென்டிமீட்டர் வெற்றிடம் விடுங்கள். இல்லாவிட்டால் ஓனரின் கையெழுத்து அவருடைய பெயரின் மேலேயே ஏறி உட்காரும்.

பக்க அளவையும் பாருங்கள். ஸ்டாம்ப் பேப்பர் பெரும்பாலும் லீகல் அளவு, அதாவது 355.6 மி.மீ. உயரம். மற்ற பக்கங்கள் ஏ4 என்றால் 297 மி.மீ. முதல் பக்கத்தின் அடியில் வைத்த கையெழுத்துக் கட்டத்தை இரண்டாம் பக்கத்தில் அதே உயரத்தில் வைக்க முடியாது, கிட்டத்தட்ட 6 சென்டிமீட்டர் இடிக்கும். ஸ்கேன் செய்யும்போதே ஏ4-க்குச் சுருக்கிக்கொண்டால் இந்தத் தொல்லை இல்லை. பிடிஎஃப்-க்கு பாஸ்வேர்டு போட்டிருந்தால் எடுத்துவிடுங்கள்.

யாருக்கு எந்த எண்

டாக்குசைனில் ஒரு முறை அனுப்பும் தொகுப்புக்கு என்வலப் என்று பெயர். புதிய என்வலப் தொடங்கி பிடிஎஃப்-ஐ ஏற்றியதும் `Add recipients` பகுதி வரும். அங்கே முதல் வேலையாக `Set signing order` என்ற கட்டத்தில் டிக் போடுங்கள். இதைத் தவறவிட்டால் ஐந்து பேருக்கும் ஒரே நேரத்தில் மெயில் போய்விடும், வரிசை என்ற ஒன்றே இருக்காது. டிக் போட்டதும் ஒவ்வொரு பெயருக்கும் பக்கத்தில் ஒரு எண் கட்டம் தோன்றும். நம் வீட்டுக்கு இப்படி:

- 1: குடியிருப்பவர் அ
- 1: குடியிருப்பவர் ஆ
- 2: ஓனர்
- 3: சாட்சி 1
- 3: சாட்சி 2

இருவருக்கு ஒரே எண் கொடுத்தால் இருவருக்கும் ஒரே நேரத்தில் மெயில் போகும். இருவரும் முடித்த பிறகுதான் அடுத்த எண்ணுக்கு நகரும். நண்பர்கள் இருவரையும் 1, 2 என்று பிரித்தால், ஒருவர் ஊருக்குப் போய்விட்டார் என்பதற்காக இன்னொருவர் காரணமில்லாமல் காத்திருக்க வேண்டியிருக்கும்.

ஓனர் ஏன் இரண்டாவது? கேள்வி கேட்பவர்கள் பெரும்பாலும் குடிவருபவர்கள்தான். பெயிண்டிங் செலவு யாருடையது, நோட்டீஸ் ஒரு மாதமா இரண்டு மாதமா என்று கடைசி நிமிடத்தில் கிளம்பும். ஓனர் முதலில் கையெழுத்திட்ட பிறகு அது கிளம்பினால் அவரை மறுபடி தொந்தரவு செய்ய வேண்டும். சாட்சிகள் கடைசி என்பதில் மாற்றமே இல்லை, போடாத கையெழுத்துக்கு யாரும் சாட்சி சொல்ல முடியாது. ஆனால் மெயிலில் கையெழுத்திடும் சாட்சி மற்றவர்கள் போட்டதை நேரில் பார்த்தவர் அல்ல. அதனால் ஓனரும் குடிவருபவர்களும் சாட்சிகளிடம் போனிலாவது "நான்தான் போட்டேன்" என்று சொல்லிவைப்பது நல்லது.

புரோக்கருக்கும் ஒரு பிரதி போக வேண்டுமானால் அவரை எண் 4-இல் சேர்த்து, `Needs to Sign` என்பதை `Receives a Copy` என்று மாற்றுங்கள். மாற்ற மறந்தால் அவரையும் கையெழுத்து கேட்கும்.

ஓனரும் மனைவியும் ஒரே மெயில் முகவரி வைத்திருப்பது சகஜம். மனைவியும் கூட்டு உரிமையாளர் என்றால் அதே மெயிலை இரண்டு பெயர்களுக்குக் கொடுக்கலாம், தளம் ஏற்றுக்கொள்ளும். ஆனால் இரண்டு இணைப்புகளும் ஒரே இன்பாக்ஸில் விழுவதால், ஒருவரே இரண்டையும் திறந்து போட்டுவிட வாய்ப்பு உண்டு. தனி மெயில் வாங்கிக்கொள்வதே மேல்.

கட்டங்களை வைப்பது

`Next` அழுத்தினால் இடதுபுறம் கட்ட வகைகளும் நடுவில் பிடிஎஃப்-உம் வரும். இடது மேல் மூலையில் பெயர் பட்டியல் ஒன்று இருக்கும், ஒவ்வொருவருக்கும் தனி நிறம். தவறுகள் அதிகம் நடப்பது இங்கேதான். கட்டத்தை இழுத்து வைக்கும் நேரத்தில் பட்டியலில் யார் பெயர் இருக்கிறதோ, கட்டம் அவருக்கே சொந்தம். அச்சில் "வீட்டு உரிமையாளர்" என்று எழுதியிருப்பது தளத்துக்குத் தெரியாது.

எனவே பக்கம் பக்கமாகப் போகாமல் ஆள் ஆளாகப் போங்கள். குடியிருப்பவர் அ-வின் பெயரைத் தேர்ந்தெடுத்து நான்காம் பக்கத்தில் அவர் பெயருக்கு மேல் `Signature`, அதன் பக்கத்தில் `Date Signed`. பிறகு 1, 2, 3, 5-ஆம் பக்கங்களின் அடியில் `Initial`. ஒன்றை வைத்து Ctrl+C, அடுத்த பக்கத்துக்குப் போய் Ctrl+V. இதே மாதிரி ஆ, பிறகு ஓனர். சாட்சிகளுக்கு நான்காம் பக்கத்தில் கையெழுத்தும் தேதியும் மட்டும் போதும்.

இப்போது எண்ணிப் பாருங்கள். மூன்று பேருக்கு நான்கு பக்கம் வீதம் 12 இனிஷியல், ஐந்து கையெழுத்து, ஐந்து தேதி: ஆக 22 கட்டங்கள். எண்ணிக்கை குறைந்தால் எங்கோ விட்டிருக்கிறீர்கள்.

இ-சைன் முடிந்ததும் கோப்பு முழுவதும் சேர்த்து டிஜிட்டல் முத்திரையிடப்படுவதால், பக்கத்தை மாற்றிச் செருகுவதைத் தடுக்க இனிஷியல் தேவையில்லை. ஆனாலும் இந்த ஒப்பந்தத்தின் பிரிண்ட் அவுட் கேஸ் கனெக்‌ஷனுக்கும் முகவரிச் சான்றுக்கும் போகும். அங்கே உட்கார்ந்திருப்பவர் பக்கத்துக்குப் பக்கம் கையெழுத்தைத் தேடுவார். பொருள் பட்டியலுக்கு மட்டும் கட்டாயம் வையுங்கள். காலி செய்யும்போது கீசர் யாருடையது என்ற சண்டை அந்தப் பக்கத்தை வைத்துத்தான் நடக்கும்.

ஒருவருக்குக் கட்டமே வைக்காமல் அனுப்பினால் தளம் எச்சரிக்கும். மீறி அனுப்பினால் அவர் விரும்பிய இடத்தில் கையெழுத்தை வைத்துக்கொள்வார், அது வாடகைத் தொகையின் மேலேயும் விழலாம். உங்கள் கணக்கில் `Recipient Preview` இருந்தால் ஒவ்வொரு பெயராகத் தேர்ந்தெடுத்து அவர் கண்ணுக்கு என்ன தெரியும் என்று பாருங்கள். இல்லையென்றால் நிறத்தை வைத்தே சரிபாருங்கள்: ஓனரின் பெயருக்கு மேல் இருக்கும் கட்டம் குடியிருப்பவரின் நிறத்தில் இருந்தால் தவறு.

தேதி ஒரு நாள் பின்னால் போகும்

`Date Signed` தானாக நிரம்பும், கையெழுத்திடுபவர் அதை மாற்ற முடியாது. நல்ல ஏற்பாடுதான், நேர மண்டலம் சரியாக இருந்தால். பல கணக்குகளில் அது அமெரிக்காவின் பசிபிக் நேரத்தில் இருக்கும். ஜூன் 1 காலை 10 மணிக்கு இங்கே ஸ்டாம்ப் பேப்பர் வாங்கி, ஸ்கேன் செய்து, 12 மணிக்குக் கையெழுத்துப் போட்டால் அங்கே மணி மே 31 இரவு 11:30. ஒப்பந்தத்தில் மே 31 என்று விழும். ஸ்டாம்ப் பேப்பர் ஜூன் 1 தேதியில், கையெழுத்து அதற்கு முந்தைய நாளில்! முத்திரைச் சட்டப்படி கையெழுத்துக்கு முன்போ அதே நேரத்திலோ முத்திரைத் தாள் இருக்க வேண்டும் என்பதால், இது வேண்டாத கேள்வியைக் கிளப்பும்.

தேதி வடிவமும் மாதம்/நாள்/ஆண்டு என்று இருக்கலாம். ஜூன் 1 என்பது 6/1 என்று வந்தால் நம் ஊரில் ஜனவரி 6 என்றுதான் படிப்பார்கள். அனுப்பும் முன் கணக்கு அமைப்பில் `Regional Settings` போய் நேரத்தை UTC+05:30 என்றும், தேதியை நாள் முதலில் வரும்படியும் மாற்றுங்கள். மாதத்தை எழுத்தில் காட்டும் வடிவம் இருந்தால் அதையே எடுங்கள்.

அனுப்பிய பிறகு

"எனக்கு மெயிலே வரவில்லை" என்று ஓனர் கூப்பிடுவார். பதறாமல் என்வலப்பைத் திறந்து பாருங்கள். முதல் எண்ணில் யாராவது இன்னும் முடிக்கவில்லை என்றால் ஓனருக்கு மெயில் போயே இருக்காது. சிலர் எல்லாக் கட்டத்திலும் போட்டுவிட்டு கடைசியில் `Finish` அழுத்தாமல் மூடிவிடுவார்கள். அதுவும் முடிக்காத கணக்கில்தான் சேரும்.

மெயில் முகவரி தவறு என்றால் `Correct` மூலம் இன்னும் கையெழுத்திடாதவருடையதைத் திருத்தலாம். ஆனால் நண்பர்கள் போட்ட பிறகு ஓனர் வாடகைத் தேதியை 5-இலிருந்து 1-க்கு மாற்றச் சொன்னால் அந்தப் பிடிஎஃப்-ஐத் தொட முடியாது, தொடவும் கூடாது. `Void` கொடுத்து பழையதை ரத்து செய்து, திருத்திய பிடிஎஃப்-உடன் புதிய என்வலப் அனுப்ப வேண்டியதுதான். அதனால்தான் மூவருக்கும் வாட்ஸ்அப்பில் வரைவை முன்பே காட்டி சம்மதம் வாங்கிக்கொள்வது நல்லது.

எல்லை எங்கே

திரையில் கிளிக் செய்து போடும் கையெழுத்து, ஆதார் இ-சைன் போல தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் இரண்டாம் அட்டவணையிலோ, டிஜிட்டல் சர்டிஃபிகேட் கையெழுத்து போல அதன் 3-ஆம் பிரிவிலோ பெயர் சொல்லி இடம்பெற்றது அல்ல. மின்னணு வடிவில் இருக்கிறது என்பதற்காக மட்டுமே ஒப்பந்தம் செல்லாது என்று சொல்ல முடியாது என்கிறது அதே சட்டத்தின் 10A பிரிவு. தகராறு வந்தால் போட்டவர் அவர்தான் என்று நிரூபிக்கும் பாரம் கூடும், அவ்வளவுதான். ஓராண்டைத் தாண்டும் குத்தகையை சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிய வேண்டும், அதற்கு இந்த வழி உதவாது. தமிழ்நாட்டின் 2017 வாடகைச் சட்டம் கேட்கும் ரெண்ட் அத்தாரிட்டி பதிவும் இதோடு முடிந்துவிடாது, அது தனி வேலை.

ஐவரும் முடித்ததும் ஒப்பந்தத்தோடு `Certificate of Completion`-ஐயும் சேர்த்து இறக்கிக்கொள்ளுங்கள். யார், எந்த மெயிலிலிருந்து, எத்தனை மணிக்குப் போட்டார் என்ற விவரம் அதில்தான் இருக்கிறது. வாட்ஸ்அப்பில் அனுப்பும்போது ஸ்கிரீன்ஷாட்டாக அல்ல, டாக்குமென்ட்டாக அனுப்புங்கள். பிரிண்ட் எடுத்து மறுபடி ஸ்கேன் செய்த பிரதியில் கையெழுத்தின் படம் மட்டும் இருக்கும், டிஜிட்டல் முத்திரை இருக்காது.