அம்மாவின் மூணு வருஷ ரிப்போர்ட் காணாமல் போய்த் திரும்பிய கதை

போன மாசம் ஐபோனுக்கு மாறினேன். மயிலாப்பூரில் டாக்டர் அறைக்கு வெளியே உட்கார்ந்து, ரத்தப் பரிசோதனை லேபின் ஆப்பில் நுழைய, `Sign in with Apple` என்ற ஆப்பிள் பட்டனைத் தட்டினேன். உள்ளே போனது. ஆனால் அம்மாவின் மூணு வருஷ சர்க்கரை ரிப்போர்ட் ஒன்றுகூட இல்லை. பதறிவிட்டேன்.

ப்ரொஃபைலைத் திறந்ததும் காரணம் தெரிந்தது. என் மின்னஞ்சல் இருக்கவேண்டிய இடத்தில் `@privaterelay.appleid.com` என்று முடியும் முகவரி. அவசரத்தில், உண்மையான முகவரியை ஆப்பிடமிருந்து மறைக்கும் `Hide My Email` தேர்ந்தெடுத்திருக்கிறேன். ஆப்புக்கு நான் புது ஆள். அதனால் புதுக் கணக்கு.

பழைய மின்னஞ்சலைக் கொடுத்துப் பாஸ்வேர்டை மாற்றி நுழைந்தேன். எல்லா ரிப்போர்ட்டும் பத்திரமாக இருந்தன. முதல் வேலையாக அவற்றை பிடிஎஃப் ஆக இறக்கிக்கொண்டேன். அங்கிருந்தே ஆப்பிளை இணைக்கப் பார்த்தால், வேறு கணக்கில் ஏற்கெனவே இணைந்துள்ளது என்று மறுத்தது.

போன் செட்டிங்ஸில் `Sign in with Apple` பட்டியலிலிருந்து அந்த ஆப்பை நீக்கிப் பார்த்தேன். மறுபடி அதே காலிக் கணக்குதான் திறந்தது. ஆப்பிள் தரும் அடையாள எண் அதே ஆப்புக்கு மாறுவதில்லை. ஆப்பின் சர்வர் மின்னஞ்சலைப் பார்க்காமல் அந்த எண்ணை வைத்தே ஆளைக் கண்டுபிடிக்கிறது. ஆகவே காலிக் கணக்கையே அழிக்கவேண்டும். அதில் புது புக்கிங் எதுவும் இல்லை என்று இரண்டு முறை பார்த்துவிட்டு, ஆப்புக்குள்ளேயே அழித்தேன். பிறகு பழைய கணக்கில் பாஸ்வேர்டுடன் நுழைந்து இணைத்தேன். இம்முறை ஏற்றுக்கொண்டது. வெளியேறி ஆப்பிள் பட்டனைத் தட்டினேன்; அம்மாவின் பெயரும் பழைய ரிப்போர்ட்டுகளும் வந்து நின்றன.