செம்பூர் ஃபிளாட்டும் 36 லட்சம் ரூபாய் பிசகும்

மும்பை செம்பூரில் இருக்கும் எங்கள் சித்தப்பா பழைய ஃபிளாட்டை விற்க முடிவு செய்ததும், ஏஜென்ட் ஒரு சிஎம்ஏ தயாரித்துக் கொடுத்தார். சுற்றுவட்டாரத்தில் விற்ற வீடுகளோடு ஒப்பிட்டு, என்ன விலை சொல்லலாம் என்று காட்டும் அறிக்கை அது. கடைசிப் பக்கத்தில் 2 கோடியே 16 லட்சம் என்று இருந்தது. சித்தப்பாவுக்குச் சந்தோஷம்; எனக்குச் சந்தேகம்.

கணக்கு இப்படி: அதே தெருவில் அண்மையில் விற்ற ஒரு வீடு, கார்பெட், அதாவது சுவர்களுக்குள் புழங்கும் இடம், 60 சதுர மீட்டர், விலை 1 கோடியே 94 லட்சம். ஒரு சதுர மீட்டருக்கு 10.764 சதுர அடி. ஆக 646 சதுர அடி, சதுர அடிக்குச் சுமார் 30,000 ரூபாய். இதுவரை சரி. ஆனால் சித்தப்பாவின் பழைய ஒப்பந்தத்தில் இருந்த 720 சதுர அடி பில்ட்-அப், அதாவது சுவரின் கனமும் சேர்ந்தது. கார்பெட் 600தான். கார்பெட் விலையைப் பில்ட்-அப் அளவால் பெருக்கியதில் 36 லட்சம் ஏறிவிட்டது. உண்மைக் கணக்கு 1 கோடியே 80 லட்சம். ரியல் எஸ்டேட் சட்டமான ரெரா வந்த பிறகு பில்டர்கள் கார்பெட் அளவில்தான் விற்க வேண்டும். பழைய பத்திரங்களில் அப்படி இல்லை. இரண்டும் ஒரே அறிக்கையில் கலக்கும்போதுதான் வினையே.

அறிக்கையில் இருந்த இன்னும் இரண்டு வீடுகள் இணைய விளம்பரங்களிலிருந்து எடுத்தவை. அவை இன்னும் விற்கவில்லை! கேட்கும் விலை போட்டியாளர் என்ன நினைக்கிறார் என்றுதான் சொல்லும். விற்ற விலைக்கு, பதிவான பத்திரத்தின் அரசுச் சுருக்கமான இன்டெக்ஸ்-2 பார்க்க வேண்டும். அதில் மராத்தியில் 'மோபத்லா' என்ற வரிதான் பத்திரத்தில் காட்டிய கைமாறிய தொகை. 'பாஜார்பாவ்' என்று இருப்பதைச் சந்தை விலை என்று பலர் எடுத்துக்கொள்கிறார்கள். பெயர் அப்படித்தான் ஏமாற்றும். அது முத்திரைத் தீர்வைக்காக அரசின் ரெடி ரெக்கனர் விகிதத்தில் போடும் மதிப்பு. பரப்பளவு கார்பெட்டா பில்ட்-அப்பா என்பதையும் அங்கேயே படித்துவிடலாம்.

அப்புறம் திருத்தம். ஒப்பிட்ட வீட்டுக்குக் கார் பார்க்கிங் இருந்தது, சித்தப்பாவுக்கு இல்லை. அந்தத் தெருவில் அதற்குச் சுமார் 10 லட்சம் என்று ஏஜென்டே சொன்னார். சரி, அதை எங்கே கழிப்பது? ஒப்பிட்ட வீட்டிலிருந்துதான். 1 கோடியே 84 லட்சத்தை 646 ஆல் வகுத்து 600 ஆல் பெருக்கினால் சுமார் 1 கோடியே 71 லட்சம். அந்த வீட்டில் இல்லாத வசதி நம்மிடம் இருந்தால் மட்டுமே அதன் விலையில் கூட்டலாம். இதைத் தலைகீழாகச் செய்த அறிக்கைகளையும் பார்த்திருக்கிறேன்.

ஒரே ஒரு விற்பனையை நம்ப முடியாதே. ஏஜென்ட் அதே தெருவில் விற்ற இன்னும் இரண்டு வீடுகளின் இன்டெக்ஸ்-2 எடுத்து வந்தார். இதே கணக்கைப் போட்டதும் மூன்றும் 1 கோடியே 68 லட்சத்துக்கும் 1 கோடியே 75 லட்சத்துக்கும் இடையில் விழுந்தன. பேரத்துக்கு இடம் விட்டு சித்தப்பா 1 கோடியே 78 லட்சம் என்று போட்டார்.