சான்றிதழும் தன்விவரக் குறிப்பும் ஒத்துப்போகின்றன, ஆனால் பதவிக்காலம்? சரிபார்க்கும் முறை, படிப்படியாக

ஆட்களைத் தேர்வு செய்யும் பணிக்குப் புதிதாக வந்தவர்கள், அனுபவச் சான்றிதழ் என்றதும் போலியைத்தான் தேடுகிறார்கள். முத்திரை தெளிவாக இருக்கிறதா, கையெழுத்து உண்மையானதா என்று உற்றுப் பார்க்கிறார்கள். அதுவும் தேவைதான். ஆனால் தவறான முடிவுக்குக் கொண்டுபோவது பெரும்பாலும் போலிச் சான்றிதழ் அல்ல; முற்றிலும் உண்மையான சான்றிதழைப் பாதி மட்டும் படிப்பது. விண்ணப்பதாரர் எழுதிய பதவி சான்றிதழிலும் அப்படியே இருக்கும், ஆண்டுகளும் பொருந்தும், எனினும் அந்தப் பதவியில் அவர் இருந்த காலம் நாம் நினைத்ததில் கால் பங்குகூட இருக்காது. இந்த ஒரு சிக்கலை எப்படிக் கண்டுபிடிப்பது என்பதையே இங்கே விளக்குகிறேன்.

விளக்கத்துக்காக ஒரு விண்ணப்பத்தை அமைத்துக்கொள்வோம். கணக்குப் பிரிவு மேலாளர் பணிக்கு ஒருவர் விண்ணப்பித்திருக்கிறார். மேலாளராகக் குறைந்தது இரண்டு ஆண்டு அனுபவம் வேண்டும் என்பது நிபந்தனை. அவருடைய தன்விவரக் குறிப்பில் இப்படி இருக்கிறது:

முதல் நிறுவனம்: கணக்கர், 2016–2018
இரண்டாம் நிறுவனம்: கணக்குப் பிரிவு மேலாளர், 2018–2022

இரண்டு நிறுவனங்களின் அனுபவச் சான்றிதழ்களும், இரண்டாம் நிறுவனத்தின் நிதிப் பிரிவுத் தலைவர் எழுதிய பரிந்துரைக் கடிதமும் இணைக்கப்பட்டுள்ளன.

படி 1: ஆவணத்தைத் திறக்கும் முன் அட்டவணை போடுங்கள்

தன்விவரக் குறிப்பை மட்டும் வைத்துக்கொண்டு, அதில் உள்ளதை அப்படியே ஒரு விரிதாளில் எழுதுங்கள். நிறுவனம், சேர்ந்த நாள், விலகிய நாள், பதவி என்று நான்கு பத்திகள் போதும். மாதம் சொல்லப்படவில்லை என்றால் அந்த இடத்தை வெறுமையாக விடுங்கள். ஜனவரி என்றோ டிசம்பர் என்றோ நீங்களாக நிரப்ப வேண்டாம்.

சான்றிதழை முதலில் படித்துவிட்டால், தன்விவரக் குறிப்பில் இல்லாததையும் இருப்பதாக மனம் எடுத்துக்கொள்ளும். அதனால்தான் இந்த வரிசை. நம் விண்ணப்பதாரரின் அட்டவணையில் மாதத்துக்கான இடங்கள் எல்லாமே காலி. ஆண்டு மட்டும் எழுதுவது குற்றமல்ல, பலரும் அப்படித்தான் எழுதுகிறார்கள். ஆனால் 2016–2018 என்பது ஏறத்தாழ மூன்று ஆண்டாகவும் இருக்கலாம், ஓராண்டைச் சற்றுத் தாண்டியதாகவும் இருக்கலாம்.

படி 2: சான்றிதழில் உள்ள தேதிகளைப் படியுங்கள்

ஒரு சான்றிதழில் பொதுவாக மூன்று தேதிகள் இருக்கும்: பணியில் சேர்ந்த நாள், பணியிலிருந்து விடுவிக்கப்பட்ட நாள், சான்றிதழ் வழங்கப்பட்ட நாள். மேலே வலது மூலையில் இருக்கும் வழங்கிய தேதியை விலகிய நாள் என்று எடுத்துக்கொள்வது தொடக்கத்தில் எளிதாக நேரும் பிழை. பணி விலகல் கடிதம் கொடுத்த நாளும் விலகிய நாள் அல்ல. அறிவிப்புக் காலம் முடிந்து கடைசியாக வேலை பார்த்த நாளே கணக்கு.

முதல் நிறுவனத்தின் சான்றிதழில் சேர்ந்த நாள் 05/12/2016 என்றும், விலகிய நாள் 12/01/2018 என்றும் இருக்கிறது. 2016 டிசம்பர் 5 முதல் 2018 ஜனவரி 12 வரையா, 2016 மே 12 முதல் 2018 டிசம்பர் 1 வரையா? இரண்டு வாசிப்புக்கும் இடையே ஒன்றரை ஆண்டு வேறுபாடு இருக்கிறது. ஊகிக்காமல், அதே தாளில் 12ஐவிடப் பெரிய எண் கொண்ட தேதி ஒன்றைத் தேடுங்கள். வழங்கிய தேதி 19/01/2018 என்று இருக்கிறது. பத்தொன்பதாவது மாதம் கிடையாது. ஆகவே இந்த நிறுவனம் நாளை முதலில் எழுதுகிறது. முதல் வாசிப்பே சரி. அப்படி ஒரு தேதியும் கிடைக்காவிட்டால் விண்ணப்பதாரரிடமே கேட்டுவிடுங்கள்.

விரிதாளில் எழுதும்போதும் இதே ஆபத்து உண்டு. கணினியின் தேதி அமைப்பைப் பொறுத்து நாளும் மாதமும் இடம் மாறிவிடும். எழுதிய பிறகு மாதம் பெயராகத் தெரியும் வடிவத்துக்கு மாற்றி ஒருமுறை பாருங்கள். B பத்தியில் சேர்ந்த நாளும் C பத்தியில் விலகிய நாளும் இருந்தால், முழு மாதங்களைக் கணக்கிட இந்த வாய்பாடு போதும்:

```
=DATEDIF(B2,C2+1,"m")
```

கடைசி வேலை நாளையும் சேர்த்து எண்ணவே ஒரு நாள் கூட்டப்படுகிறது.

முதல் நிறுவனத்துக்கு 13 மாதம் வருகிறது. இரண்டாம் சான்றிதழில் 2018 செப்டம்பர் 3 முதல் 2022 பிப்ரவரி 28 வரை என்று மாதப் பெயருடனேயே எழுதியிருக்கிறார்கள். அதற்கு 41 மாதம். தன்விவரக் குறிப்பில் 2018 என்ற ஒரே எண்ணால் ஒட்டியிருந்த இரண்டு வேலைகளுக்கும் நடுவே ஏழு மாதத்துக்கும் மேற்பட்ட இடைவெளி இருப்பதும் இப்போது தெரிகிறது. இடைவெளி தன்னளவில் ஒரு குறையே அல்ல. மனிதர்களுக்கு உடல்நலக் குறைவு வரும், வீட்டில் ஒருவரைப் பார்த்துக்கொள்ள நேரும். அட்டவணையில் குறித்துவிட்டு அடுத்ததற்குச் செல்லுங்கள்.

படி 3: பதவி எந்தச் சொற்களுக்கு நடுவே இருக்கிறது என்று பாருங்கள்

இந்தப் படிக்குத்தான் அதிக நேரம் கொடுக்க வேண்டும். இரண்டாம் நிறுவனத்தின் சான்றிதழில் உள்ள வாக்கியம் இது: “இவர் 2018 செப்டம்பர் 3 முதல் 2022 பிப்ரவரி 28 வரை எங்கள் நிறுவனத்தில் பணியாற்றினார். பணியிலிருந்து விலகும்போது கணக்குப் பிரிவு மேலாளர் பதவி வகித்தார்.”

அவசரமாகப் படித்தால் மேலாளராக 41 மாதம் என்று மனத்தில் பதியும். வாக்கியம் அப்படிச் சொல்லவில்லை. ஒருவர் எந்தப் பதவியில் சேர்ந்து எந்தப் பதவியில் விலகினாலும், கடைசிப் பதவியை மட்டும் குறிப்பிடும் சான்றிதழ்கள் ஏராளம். அலுவலகத்தில் அதற்கென ஒரு மாதிரிக் கடிதம் இருக்கும். பெயரையும் தேதியையும் பதவியையும் மாற்றி அச்சிட்டுக் கொடுப்பார்கள். யாரையும் ஏமாற்றும் எண்ணம் அதில் இல்லை. “விலகும்போது”, “கடைசியாக”, “தற்போது” போன்ற சொற்கள் பதவிக்கு அருகில் இருந்தால், அந்தப் பதவி எப்போது தொடங்கியது என்பது உங்களுக்கு இன்னும் தெரியாது. அட்டவணையில் “மேலாளர்: தொடக்க நாள் தெரியவில்லை” என்று எழுதுங்கள். நிறுவனத்தில் இருந்த காலம் வேறு, பதவியில் இருந்த காலம் வேறு. இரண்டுக்கும் தனித்தனி வரி வேண்டும்.

படி 4: பரிந்துரைக் கடிதத்தைப் புகழுக்காக அல்ல, தகவலுக்காகப் படியுங்கள்

பரிந்துரைக் கடிதத்தைப் பாராட்டுரை என்று ஒதுக்கிவிடுகிறவர்கள் உண்டு. அப்படி ஒதுக்கக் கூடாது. மாதிரிக் கடிதத்துக்குள் அடங்காத உண்மைகள் அதில்தான் இயல்பாக வெளிப்படும், ஏனெனில் ஒருவரைப் பாராட்ட வேண்டுமானால் அவர் வளர்ந்த கதையைச் சொல்லியாக வேண்டும். நிதிப் பிரிவுத் தலைவரின் கடிதத்தில் இருக்கும் வரிகள்: “என் பிரிவில் மூத்த கணக்கராகச் சேர்ந்தார். மாதாந்திரக் கணக்கு முடிப்பை ஏறத்தாழ மூன்று ஆண்டுகள் பிழையின்றிக் கவனித்தார். அந்த உழைப்பைப் பார்த்துத்தான் மேலாளர் பொறுப்பை அவரிடம் ஒப்படைத்தோம்.”

பாராட்டும் நோக்கத்தில் எழுதிய மூன்றாவது வாக்கியமே நமக்கு விடை தருகிறது. 2018 செப்டம்பருடன் ஏறத்தாழ மூன்று ஆண்டைக் கூட்டினால் 2021இன் நடுப்பகுதி. மேலாளர் பதவி அதன் பிறகே தொடங்கியிருக்க வேண்டும்.

இங்கே ஓர் எச்சரிக்கை. கடிதம் எழுதியவர் விண்ணப்பதாரருடன் எந்தக் காலத்தில் பணியாற்றினார் என்பதையும் பார்க்க வேண்டும். அவர் 2020இலேயே நிறுவனத்தைவிட்டுச் சென்றிருந்தால், 2021இல் நடந்ததைப் பற்றி அவர் எழுதுவது கேள்விப்பட்ட செய்தி மட்டுமே. மேலும் பரிந்துரைக் கடிதம் தனிமனிதரின் நினைவு. தேதி விஷயத்தில் நினைவு தடுமாறும். இதை ஒரு தடயமாகக் கொள்ளுங்கள், தீர்ப்பாகக் கொள்ளாதீர்கள்.

படி 5: விண்ணப்பதாரரிடம் கேளுங்கள்

நிறுவனத்தைத் தொடர்புகொள்ளும் முன் அவரிடம் கேட்பதே நியாயம். குற்றம் சாட்டும் தொனி வேண்டாம். “இரண்டாம் நிறுவனத்தில் நீங்கள் வகித்த ஒவ்வொரு பதவியும் எந்த நாளில் தொடங்கியது? பணி நியமனக் கடிதம், பதவி உயர்வுக் கடிதம் இருந்தால் அனுப்பி உதவுங்கள்” என்று எழுதினால் போதும்.

நம் விண்ணப்பதாரர் பதவி உயர்வுக் கடிதத்தை அனுப்புகிறார். மேலாளர் பதவி 2021 ஜூலை 1 முதல் என்று அதில் இருக்கிறது. 2022 பிப்ரவரி 28 வரை கணக்கிட்டால் சரியாக எட்டு மாதம். நிபந்தனை 24 மாதம். பதவி உயர்வுக் கடிதம் கைவசம் இல்லை என்று ஒருவர் சொன்னால், பதவி உயர்வுக்கு முன்னும் பின்னும் உள்ள சம்பளச் சீட்டுகளைக் கேட்கலாம். பல நிறுவனங்களின் சம்பளச் சீட்டில் பதவி அச்சிடப்பட்டிருக்கும். சம்பளத் தொகையை மறைத்து அனுப்பச் சொல்லுங்கள். நமக்கு அது தேவையில்லை.

படி 6: நிறுவனத்திடம் உறுதிசெய்யுங்கள்

விண்ணப்பதாரரின் எழுத்துப்பூர்வ ஒப்புதல் இல்லாமல் இதைச் செய்யாதீர்கள். இப்போது வேலை பார்க்கும் நிறுவனமாக இருந்தால், அவர் வெளிப்படையாக அனுமதிக்கும் வரை தொடவே கூடாது. உங்கள் ஒரு தொலைபேசி அழைப்பால் ஒருவரின் வேலை போய்விடக்கூடும்.

சான்றிதழில் அச்சிட்டுள்ள எண்ணை அழைக்காமல், நிறுவனத்தின் இணையதளத்திலிருந்து நீங்களே எடுத்த பொது எண்ணில் மனிதவளப் பிரிவைக் கேளுங்கள். போலித் தாளில் போலி எண்ணும் இருக்கும் என்பதே காரணம். கேள்வியைத் திறந்த வடிவில் வையுங்கள். “அவர் 2018 முதல் மேலாளராக இருந்தாரா?” என்று கேட்டால், கோப்பைத் திறக்காமலே “ஆமாம்” என்று சொல்லிவிட வாய்ப்புண்டு. “அவர் வகித்த பதவிகள் எவை, ஒவ்வொன்றும் எந்த நாள் முதல்?” என்று கேட்டால் கோப்பைப் பார்த்துத்தான் பதில் சொல்ல முடியும். பல நிறுவனங்கள் சேர்ந்த நாள், விலகிய நாள், கடைசிப் பதவி ஆகிய மூன்றுக்கு மேல் எதையும் சொல்வதில்லை. அப்போது பதவி உயர்வுக் கடிதத்தின் நகலை, விண்ணப்பதாரரின் ஒப்புதலோடு அனுப்பி, இது தங்கள் நிறுவனம் வழங்கியதுதானா என்று மட்டும் கேட்கலாம்.

படி 7: பதிவு எழுதுங்கள்

முடிவை “பொய்” என்ற சொல்லால் எழுதாதீர்கள். தன்விவரக் குறிப்பில் இருந்தது, ஆவணத்தில் இருந்தது, கேட்டதற்குக் கிடைத்த விளக்கம் என மூன்றையும் அடுத்தடுத்து வையுங்கள். நம் விண்ணப்பதாரருக்கான பதிவு இப்படி இருக்கும்: “இரண்டாம் நிறுவனத்தில் 41 மாதப் பணி சான்றிதழால் உறுதியாகிறது. மேலாளர் பதவி 2021 ஜூலை 1 முதல் எட்டு மாதம். ஆதாரம் பதவி உயர்வுக் கடிதம். தன்விவரக் குறிப்பு முழுக் காலத்தையும் மேலாளர் பதவியின்கீழ் காட்டுகிறது. கேட்டபோது கடைசிப் பதவியை மட்டும் எழுதியதாகக் கூறி, கடிதத்தை உடனே அனுப்பினார். இரண்டு ஆண்டு நிபந்தனை நிறைவேறவில்லை.”

பதவியின் பெயர் மட்டும் மாறியிருந்தால் இவ்வளவு கடுமை தேவையில்லை. ஒரு நிறுவனம் உள்ளுக்குள் “கணக்கு அலுவலர் நிலை 2” என்று வைத்திருப்பதை, வெளியில் இருப்பவருக்குப் புரியட்டும் என்று ஒருவர் “மூத்த கணக்கர்” என்று எழுதியிருக்கலாம். பணியின் தன்மையும் பொறுப்பும் ஒன்றாக இருந்தால் அதைப் பெயர் வேறுபாடு என்று குறித்து விட்டுவிடலாம். எவரையும் மேற்பார்வை செய்யாத பணியை “மேலாளர்” என்று எழுதியிருந்தால்தான் அது பொறுப்பின் வேறுபாடு. அதைத் தேர்வுக் குழுவின் பார்வைக்குத் தனியாகக் கொண்டுசெல்லுங்கள்.