பணிப்பெண்ணின் மணிக்கட்டு முறிவு: எந்தப் பாலிசியில் கேட்பது?

சிங்கப்பூரில் எங்கள் வீட்டுப் பணிப்பெண் குளியலறையில் வழுக்கி விழுந்து மணிக்கட்டை முறித்துக்கொண்டார். அறுவை சிகிச்சையோடு பில் 19,000 வெள்ளி. காப்பீட்டு நிறுவனம் அதைத் தனிநபர் விபத்துக் கோரிக்கையாகப் பதிந்து, நிரந்தர ஊனம் இல்லை என்று மறுத்துவிட்டது.

அந்தப் பிரிவு மரணத்துக்கும் நிரந்தர ஊனத்துக்கும்தான். மருத்துவமனைச் செலவு மருத்துவக் காப்பீட்டில் வரும். வேலைக் காய இழப்பீட்டுச் சட்டம் பணிப்பெண்களுக்குப் பொருந்தாது என்பதால் வேறு வழியும் இல்லை. அதனால் காப்பீட்டு நிறுவனத்துக்கு எழுதிய கடிதத்தில் இரண்டையும் பிரித்தேன்:

"மருத்துவமனை, அறுவை சிகிச்சைச் செலவை மருத்துவக் காப்பீட்டுப் பிரிவில் பரிசீலிக்கவும். பின்னர் நிரந்தர ஊனம் என்று மருத்துவர் மதிப்பிட்டால், விபத்துப் பிரிவில் தனியாகக் கோருவோம். அந்த உரிமையை இப்போது கைவிடவில்லை."

விழுந்த தேதி, இடம், மருத்துவர் அறிக்கை, பில் எல்லாம் இணைத்தேன். கோரிக்கையை மாற்றிப் பதிந்தார்கள். 2023 ஜூலைக்குப் பிந்தைய விதிப்படி முதல் 15,000 வெள்ளி நிறுவனத்தின் பொறுப்பு. மீதி 4,000-இல் கால்பங்கு, அதாவது 1,000 வெள்ளி, என் பங்கு. அப்புறம் பிசியோதெரபிக்கான வெளிநோயாளிச் செலவு எங்கள் பாலிசியில் இல்லை. அதையும் நான்தான் கட்டினேன். அவர் சம்பளத்தில் பிடிக்கக் கூடாது.