டிகிரி இல்லாம பேக்எண்ட் வேலைக்கு அப்ளை பண்றீங்களா? கவர் லெட்டர்ல இந்த தப்பெல்லாம் வேண்டாம்

போன வாரம் ஊர்ல இருந்து ஒரு தம்பி, "அண்ணா, ஒரு தடவை பாத்துட்டு சொல்லுங்க"ன்னு அவனோட கவர் லெட்டரை அனுப்பியிருந்தான். பி.காம் முடிச்சவன், பகல்ல ஒரு பெயிண்ட் கடையில கணக்கு எழுதிட்டு ராத்திரில உக்காந்து பைத்தான் கத்துக்கிட்டவன். படிக்க படிக்க எனக்கு பக்குன்னு ஆயிடுச்சு, ஏன்னா நான் பி.எஸ்சி கெமிஸ்ட்ரி முடிச்சிட்டு முதன்முதல்ல எழுதின லெட்டரும் கிட்டத்தட்ட வரிக்கு வரி இதேதான். இப்ப எங்க டீமுக்கு வர்ற அப்ளிகேஷன் படிக்கிற வேலை என் தலையில இருக்கு, அதுலயும் இதேதான் வந்துட்டே இருக்கு. ஸ்பெல்லிங் பாருங்க, கம்பெனி பேரை மாத்திப் போடாதீங்கங்கிற கதையெல்லாம் விட்டுடறேன்.

முதல் வரியிலயே மன்னிப்பு கேக்குறது

"எனக்கு கம்ப்யூட்டர் சயின்ஸ் டிகிரி இல்லைன்னாலும்..." இப்படித்தான் தம்பியோட லெட்டர் ஆரம்பிச்சுது. படிக்கிறவன் இன்னும் உங்க ரெஸ்யூமையே திறக்கல, அதுக்குள்ள இல்லாததை எடுத்து கையில குடுத்தாச்சு. டிகிரி கட்டாயம்னு ஃபார்ம்லயே வடிகட்டுற கம்பெனில லெட்டரை யாரும் படிக்கப்போறதில்ல, வடிகட்டாத கம்பெனிக்கு அந்த மன்னிப்பு தேவையே இல்ல. கடைசி பாராவுல ஒரே வரி போதும்: "பி.காம் முடிச்சேன், ரெண்டு வருஷமா பைத்தானும் டேட்டாபேஸும் நானே கத்துக்கிட்டு செய்யறேன்." அதுக்கு மேல விளக்கம் வேண்டாம்.

டூல் பேரை அடுக்குறது

இதுதான் எனக்கு இன்னைக்கும் எரிச்சல். தம்பி ரெண்டாவது பாராவுல எழுதியிருந்தது: "ஜாங்கோ, போஸ்ட்கிரெஸ், ரெடிஸ், டாக்கர், காஃப்கா எல்லாம் பயன்படுத்தி மைக்ரோசர்வீஸ் முறையில ஸ்டாக் மேனேஜ்மென்ட் ஆப் செஞ்சிருக்கேன்." டிகிரி இல்லாத பயம்தான் இப்படி எழுத வைக்குது, பேரு நிறைய இருந்தா பள்ளம் மூடிடும்னு நினைப்பு.

நானும் மூடப் பாத்தவன்தான். என் லெட்டர்லயும் காஃப்கா இருந்துச்சு, அதனாலயே இன்டர்வியூக்கும் கூப்பிட்டாங்க, அங்க ஒரு அக்கா ரொம்ப சாதாரணமா "உங்க ஆப்ல ஒரு நாளைக்கு எத்தனை ஆர்டர் வரும்?"னு கேட்டாங்க. நாப்பதுன்னேன். "நாப்பது ஆர்டருக்கு காஃப்கா எதுக்குங்க, ஒரு டேபிள்ல எழுதி வெச்சா போதாதா?" பதில் இல்ல. உண்மை என்னன்னா யூட்யூப்ல ஒருத்தர் போட்டாரு, நானும் போட்டேன். அதுக்கப்புறம் உருப்படியா நான் செஞ்சிருந்ததை சொன்னப்ப கூட அவங்க நம்பின மாதிரி தெரியல, ஒரு பேரு பொய்யாப் போனா பக்கத்துல இருக்குற நாலு பேரும் சேந்து விழுந்துடும். சும்மா வாய்ப்பு போச்சுன்னா பரவால்ல, கையில வந்து உக்காந்ததை தட்டி விட்டேன் பாருங்க, அது தாங்கல.

சரி, தம்பி கதைக்கு வரேன். "இந்த ஆப்ல எது உடைஞ்சுது, அதை சொல்லு"ன்னு போன்ல கேட்டேன். கொஞ்சம் யோசிச்சிட்டு, "ஒரு தடவை ஸ்டாக் மைனஸ் ஒண்ணுன்னு காட்டுச்சுண்ணா, ஓனர் திட்டிட்டாரு"ன்னான். அட, அதுதானே லெட்டர்! என்ன ஆச்சுன்னா, இருபது லிட்டர் டப்பா ஒண்ணே ஒண்ணு பாக்கி, ரெண்டு கவுண்டர்லயும் ஒரே நேரத்துல பில் போடுறாங்க. இவன் கோடு முதல்ல எண்ணிக்கையை படிக்கும், பூஜ்யத்துக்கு மேல இருந்தா ஒண்ணைக் கழிக்கும். ரெண்டு பக்கமும் "ஒண்ணு இருக்கு"ன்னு படிச்சிடுச்சு, ரெண்டு பக்கமும் கழிச்சிடுச்சு. பாக்குறதுக்கும் கழிக்கிறதுக்கும் நடுவுல இருக்குற அந்த சின்ன இடைவெளிதான் பிரச்சினை. அதை அவன் இப்படி ஒரே ஸ்டேட்மென்ட்டா மாத்தியிருக்கான்:

```sql
UPDATE stock SET qty = qty - 1
WHERE item_id = 42 AND qty > 0;
```

இப்ப முதல் பில் டேபிள்ல அந்த டப்பாவோட ரோவை லாக் பண்ணிடும், ரெண்டாவது காத்திருக்கும், முதல் பில் கமிட் ஆனதும் போஸ்ட்கிரெஸ் அந்த கண்டிஷனை புது எண்ணிக்கையை வெச்சு மறுபடி பாக்கும். எண்ணிக்கை பூஜ்யம், அதனால ரெண்டாவதுக்கு ஒரு ரோ கூட மாறாது. எத்தனை ரோ மாறுச்சுன்னு கோடு பாக்குது, பூஜ்யம்னா "ஸ்டாக் இல்லை"ன்னு பில்லை நிறுத்திடுது. சரியாச்சான்னு எப்படி தெரியும்னு கேட்டேன், ஒரே டப்பாவுக்கு ஒரே சமயத்துல இருபது ரிக்வெஸ்ட் விடுற மாதிரி சின்ன ஸ்கிரிப்ட் எழுதினானாம். முன்னாடி ஒண்ணுக்கு மேல பில் ஆச்சு, மாத்தினதுக்கு அப்புறம் எத்தனை தடவை ஓட்டினாலும் ஒண்ணுதான்.

இவ்வளவையும் மனசுக்குள்ள வெச்சுக்கிட்டு லெட்டர்ல காஃப்கான்னு எழுதியிருக்கான் பாருங்க. திருத்தின பாரா இதுதான், இங்கிலீஷ்ல எழுதச் சொன்னேன், விஷயம் இவ்வளவு:

> "நான் வேலை செய்யற கடையில ரெண்டு கவுண்டர் என் ஆப்லதான் பில் போடுது. கடைசி ஒரு டப்பாவை ரெண்டு பேருக்கு வித்து ஸ்டாக் மைனஸ்ல போச்சு. படிச்சிட்டு அப்புறம் கழிச்சதுதான் காரணம், அதை கண்டிஷனோட ஒரே அப்டேட்டா மாத்தினேன், இருபது ரிக்வெஸ்ட் சேத்து விட்டு சோதிச்சேன். பல பொருள் இருக்குற பில்லை ஒரே டிரான்சாக்ஷன்ல போடுறேன், ரெண்டு பில் ஒண்ணுக்கொண்ணு லாக்குக்காக காத்து டெட்லாக் ஆகாம இருக்க பொருளை எப்பவும் ஐடி வரிசையில எடுக்கிறேன். சரக்கு திரும்பி வந்தா இன்னும் கையாலதான் திருத்துறோம், அதை நான் இன்னும் செய்யல."

அந்த கடைசி வரியை எடுத்துடலாமான்னு கேட்டான். எடுக்காதேன்னேன். இன்டர்வியூ எடுக்குறவங்க முதல்ல அதைத்தான் தொடுவாங்க, கேள்வி அங்க வந்தா நீ மாசக்கணக்கா பாத்த கடையைப் பத்தித்தானே பேசப்போறே.

காஃப்காவும் மைக்ரோசர்வீஸும் போச்சு. ரெடிஸை எடுத்துட்டா ஆப் ஓடுமான்னு கேட்டேன், ஓடும்னான், அதுவும் போச்சு. டாக்கர் நின்னுச்சு, ஏன்னா கடை கம்ப்யூட்டர் மாறினப்ப அதை வெச்சுத்தான் திரும்ப ஏத்தியிருக்கான், அதை அவனால சொல்ல முடியும்.

"சீக்கிரம் கத்துக்குவேன்"

எல்லாருமே எழுதுறாங்க. வெட்டுங்க.

டிகிரியை மழுப்புறது

கோர்ஸ் சர்டிஃபிகேட்டை டிகிரி மாதிரி தோணுற வாக்கியத்துல நுழைக்காதீங்க. ஆஃபர் வந்தப்புறம் பேக்ரவுண்ட் வெரிஃபிகேஷன்னு ஒண்ணு இருக்கு.

கிட்ஹப் லிங்க்

லெட்டர்ல லிங்க் குடுத்தா நான் திறப்பேன், திறந்ததும் நான் பாக்குற முதல் விஷயங்கள்ல ஒண்ணு `.env` ஃபைல் உள்ள இருக்கான்னு. தம்பியோடதுல இருந்துச்சு, கடை டேட்டாபேஸ் பாஸ்வேர்டோட. சொன்னதும் "டெலிட் பண்ணிட்டேண்ணா"ன்னு அஞ்சு நிமிஷத்துல மெசேஜ் வந்துச்சு. ஃபைலை அழிச்சு புது கமிட் போட்டா போதாதுடா, பழைய கமிட்ல அது அப்படியே இருக்கும், முதல்ல பாஸ்வேர்டை மாத்துன்னேன். மாத்தினான், ஆனா ஆப்ல புதுசை போட மறந்துட்டான், மறுநாள் காலையில கடை திறந்தப்ப ரெண்டு கவுண்டர்லயும் பில் வரல, ஓனர்கிட்ட இன்னொரு திட்டு.