அம்மாவுக்கு ஏற்ற பட்டன் போன்: பார்த்து, அழுத்தி, அளந்து வாங்குவது எப்படி

அம்மாவுக்கு 76 வயது. அவருக்கு நான் முதலில் வாங்கிக் கொடுத்த பட்டன் போனில் ஒருநாள் காலையிலிருந்து ஒன்பது முறை அழைத்தேன். எடுக்கவே இல்லை. பதறியடித்து நேரில் போனால், போனைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு நிம்மதியாக நாளிதழ் படித்துக்கொண்டிருக்கிறார். போன் சைலன்ட்டில் இருந்தது. யாரும் அமைப்பைத் திறந்து மாற்றவில்லை. பல பட்டன் போன்களில் # பட்டனைச் சில நொடி அழுத்திப் பிடித்தாலே சைலன்ட் ஆகிவிடும். போனைப் பிடித்துத் தூக்கும்போது அம்மாவின் கட்டைவிரல் சரியாக அங்கேதான் பதிந்திருக்கிறது.

அந்தப் போனைக் கடையில் அழுத்திப் பார்த்தது நான்தான், அம்மா இல்லை. அங்கேதான் கோட்டை விட்டேன். இரண்டாவது போனை எப்படித் தேர்ந்தெடுத்தேன் என்பதைப் படிப்படியாக எழுதுகிறேன்.

படி 1: இரண்டு நாள் சும்மா கவனியுங்கள்

கடைக்குப் போகும் முன் ஒரு தாளில் நான்கு விஷயங்களைக் குறித்துக்கொள்ளுங்கள். யார் யாரிடம் பேசுகிறார், ஒரு நாளைக்கு எவ்வளவு நேரம் பேசுகிறார், எண்ணை எப்படி அழைக்கிறார், போனை எங்கே வைக்கிறார். அம்மாவின் தாளில் இப்படி இருந்தது: நான்கு பேர், சுமார் 40 நிமிடம், பழைய நோட்டைப் பார்த்து ஒவ்வொரு எண்ணாக அழுத்துவார், போன் எப்போதும் தலையணை பக்கத்தில். கூடவே, வலது கட்டைவிரலில் லேசான நடுக்கம், இடது காது மந்தம். மீதி எல்லா முடிவும் இந்தத் தாளிலிருந்துதான் வந்தது.

படி 2: அந்தப் போனில் அழைப்பு போகுமா?

பட்டன் போன்தானே, எதுவாக இருந்தால் என்ன என்று நினைக்காதீர்கள். பழைய 2ஜி, 3ஜி சேவைகளைப் பல நாடுகளில் நிறுத்திவிட்டார்கள் அல்லது நிறுத்திக்கொண்டிருக்கிறார்கள். அவற்றை மட்டும் நம்பும் போன் ஒருநாள் வெறும் டார்ச்சாகிவிடும். ஆகவே 4ஜி போன் வாங்குங்கள். பெட்டியில் VoLTE என்று இருக்கிறதா என்றும் பாருங்கள். 4ஜி இருந்தும் VoLTE இல்லாத போன், பேசுவதற்குப் பழைய சேவையைத்தான் தேடும்.

அம்மாவின் சிம்மையே கடைக்கு எடுத்துப் போய்ப் போட்டு, ஒரு அழைப்பு செய்து பாருங்கள். சிம் எந்த அளவு என்பதையும் அப்போதே பார்த்துவிடலாம். சிறிய சிம்மைப் பெரிய இடத்தில் பொருத்த ஒரு பிளாஸ்டிக் சட்டம் தருவார்கள்; அது உள்ளே சிக்கிக்கொள்வதும் உண்டு.

படி 3: பட்டன்கள்

இதற்குத்தான் அதிக நேரம் ஒதுக்க வேண்டும். "பெரிய பட்டன்" என்று பெட்டியில் போட்டிருந்தாலும் நம்ப வேண்டாம். சாதாரணப் போனின் அகலம் ஏறத்தாழ 50 மி.மீ. அதில் மூன்று பட்டன் என்றால் பக்கவாட்டில் ஒவ்வொன்றுக்கும் 15 மி.மீ. தாராளமாகக் கிடைக்கும். பிரச்சினை மேலும் கீழும்தான். நான்கு வரிசைகளை 35 மி.மீ. உயரத்துக்குள் அடைத்தால் ஒரு பட்டனுக்கு 9 மி.மீ. கூடத் தேறாது. நடுங்கும் விரல் 5-ஐ அழுத்தப்போய் 8-ல் விழுவது இதனால்தான். எனவே பட்டனின் அகலத்தை விட உயரத்தையே பாருங்கள்.

அடுத்து, பட்டன்கள் தனித்தனியாக இருக்கின்றனவா, அல்லது ஒரே தகடாகத் தட்டையாக இருக்கின்றனவா? தட்டையாக இருந்தால் விரலுக்கு எல்லை தெரியாது. நடுவில் சற்று மேடாகவும், இரண்டு பட்டன்களுக்கிடையே பள்ளமாகவும் இருப்பது நல்லது. 5-ன் மேல் ஒரு சின்னப் புள்ளி தட்டுப்பட வேண்டும். கண் மங்கலானவர்கள் அதை வைத்துத்தான் மற்ற எண்களைக் கண்டுபிடிப்பார்கள். அழைக்கும் பச்சைப் பட்டனும் துண்டிக்கும் சிவப்புப் பட்டனும் ஒன்றையொன்று ஒட்டி இருக்கக் கூடாது. நடுவில் உள்ள அம்புக்குறி பட்டன் பெரிதாக இருந்து, பச்சையையும் சிவப்பையும் ஓரத்தில் ஒடுக்கிச் சிறிதாக்கியிருந்தால் அந்தப் போனைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

சோதனை எளிது. போனை அம்மாவின் கையில் கொடுத்து, நோட்டிலிருக்கும் ஒரு முழு எண்ணை மூன்று முறை அழுத்தச் சொல்லுங்கள். நீங்கள் வாயைத் திறக்கக் கூடாது. இந்த முறை கடையில் முதலில் பார்த்த போனில் அம்மா மூன்றில் இரண்டு முறை தவறவிட்டார்: ஒரு முறை அடுத்த வரிசையில் விழுந்தது, இன்னொரு முறை நடுக்கத்தில் ஒரே எண் இரண்டு தடவை பதிந்தது. இரண்டாவது வகைத் தவறு நடந்தால் பட்டன் மிக லேசாக அழுந்துகிறது என்று அர்த்தம். கொஞ்சம் அழுத்தம் கேட்கும், அழுந்தியதும் "டக்" என்று விரலுக்குத் தெரியும் பட்டன்தான் அவருக்குப் பொருந்தியது. மூட்டுவலி அதிகம் உள்ளவருக்கு இது நேர்மாறாக இருக்கும். அவருக்கு மென்மையான பட்டன்தான் வேண்டும். பிறகு, # பட்டனை நீங்களே ஐந்து நொடி பிடித்துப் பாருங்கள். சைலன்ட் ஆனால் அதை நிறுத்த வழி இருக்கிறதா, பட்டன்கள் தானாகப் பூட்டிக்கொள்ளும் வசதி இருக்கிறதா என்று கேளுங்கள்.

மடக்குப் போனையும் பார்த்தோம். திறந்தால் எடுக்கும், மூடினால் துண்டிக்கும், பட்டன் தற்செயலாக அழுந்தாது. எல்லாம் நல்ல விஷயங்கள்தான். ஆனால் ஒரு கையால் திறக்க அம்மாவால் முடியவில்லை. விட்டுவிட்டோம்.

படி 4: சார்ஜ் எத்தனை நாள் நிற்கும்?

பெட்டியில் இருபது நாள் என்று எழுதியிருக்கும். அது நல்ல சிக்னலில், யாரும் பேசாமல், போன் சும்மா கிடந்தால். உண்மையான நாள்களை நாமே தோராயமாகக் கணக்கிடலாம்.

4ஜி பட்டன் போன் சும்மா இருக்கும்போது மணிக்கு 8 எம்.ஏ.எச். அளவுக்குச் செலவழிக்கிறது என்று வைத்துக்கொள்வோம். 24 மணி நேரத்துக்கு 192. பேசும்போது மணிக்கு 180 என்றால், 40 நிமிடத்துக்கு 120. டார்ச், திரை வெளிச்சம் எல்லாவற்றுக்கும் ஒரு 30. மொத்தம் ஒரு நாளைக்கு 342. பேட்டரி 1450 எம்.ஏ.எச். என்றால் முழுவதையும் கணக்கில் எடுக்காதீர்கள். ஐந்தில் ஒரு பங்கைக் கழித்தால் 1160. ஆக மூன்று நாளும் கொஞ்சமும். இதே அம்மாவுக்கு 1000 எம்.ஏ.எச். பேட்டரி என்றால் இரண்டு நாளைத் தாண்டும், மூன்றை எட்டாது.

டவர் சரியாகக் கிடைக்காத வீட்டில் இந்தக் கணக்கு தலைகீழாகும். சிக்னல் குறைந்தால் போன் அதிக சக்தியோடு டவரைத் தேடும், பேட்டரி வேகமாகக் கரையும். அப்படியான வீட்டில் போனை ஜன்னலோரம் வைத்தாலே வித்தியாசம் தெரியும். இரண்டாவது சிம் போட்டாலும் கூடுதல் செலவுதான். தேவையில்லை என்றால் அந்த இடம் காலியாகவே இருக்கட்டும்.

மூன்று நாள் நிற்கிறது என்பதற்காக மூன்று நாளுக்கு ஒருமுறை சார்ஜ் போடும் பழக்கம் வேண்டாம். எந்த நாள் என்பது யாருக்கும் நினைவிருக்காது. தினமும் இரவில் போடட்டும். இரண்டு இரவு மறந்தாலும் போன் உயிரோடு இருப்பதற்குத்தான் அந்த மூன்று நாள். சார்ஜர் முனையைச் செருகுவதும் அவர்களுக்குச் சிரமம். மைக்ரோ யூஎஸ்பி ஒரு பக்கமாகத்தான் நுழையும், தவறாகத் திணித்தால் துளை கெட்டுப்போகும். டைப் சி எப்படிச் செருகினாலும் போகும். அப்படியே நிறுத்தி வைத்தால் சார்ஜ் ஏறும் தாங்கியோடு வரும் போன் கிடைத்தால் யோசிக்காமல் வாங்குங்கள்.

பேட்டரியைக் கழற்ற முடியுமா என்றும் பாருங்கள். சில வருடங்களில் அதன் கொள்ளளவு குறையும். அப்போது பேட்டரியை மட்டும் மாற்றினால் போதும், பழகிய பட்டன்கள் மாறாது. பின்மூடி சரியாக மூடாமல் தூக்கிக்கொண்டு நின்றால் பேட்டரி வீங்கியிருக்கலாம். உடனே மாற்றிவிடுங்கள்.

படி 5: கட்டாயம் வேண்டிய வசதிகள்

கேமரா, பாட்டு, விளையாட்டு எல்லாம் இருந்தாலும் சரி, இல்லாவிட்டாலும் சரி. வேண்டியது சத்தம். மணியும் எதிர்முனைக் குரலும் அம்மாவுக்குக் கேட்கின்றனவா என்பதைக் கடையின் இரைச்சலிலேயே சோதியுங்கள். காதுக் கருவி அணிபவர் என்றால் அதை அணிந்தபடியே பேசிப் பார்க்க வேண்டும். சில போன்கள் கருவியின் பக்கத்தில் "ஙீ" என்று இரையும். டார்ச்சுக்குத் தனிப் பட்டன் இருந்தால் நல்லது. ஒரு எண்ணை அழுத்திப் பிடித்தால் அழைப்பு போகும் வசதி அவசியம்.

அவசர உதவிப் பட்டன் இருந்தால், அது எப்படி வேலை செய்கிறது என்று தெரிந்துகொண்டு வாங்குங்கள். பொதுவாக அதை அழுத்திப் பிடித்தால் உரத்த சத்தம் எழும், நீங்கள் பதிந்து வைத்த எண்களுக்குக் குறுஞ்செய்தி போகும், பிறகு அந்த எண்களை வரிசையாக அழைக்கும். இதில் ஒரு சிக்கல் உண்டு. முதல் எண்ணில் வாய்ஸ்மெயில் எடுத்துக்கொண்டால், யாரோ பேசிவிட்டார்கள் என்று நினைத்துப் போன் அடுத்தவரை அழைக்காமல் நின்றுவிடலாம். ஆகவே வாய்ஸ்மெயில் இல்லாத எண்ணை முதலில் போடுங்கள். குறுஞ்செய்திக்குக் கட்டணம் இருந்தால் சிம்மில் பணம் இல்லாதபோது அது போகாது. வீட்டில் எல்லோரிடமும் சொல்லிவிட்டு ஒருமுறை உண்மையிலேயே அழுத்திப் பாருங்கள்.

படி 6: அமைத்துக் கொடுத்து ஒரு வாரம் பாருங்கள்

நான்கு பேரின் எண்களையும் 2 முதல் 5 வரை வைத்தேன். 1 பல போன்களில் வாய்ஸ்மெயிலுக்குப் போய்விடும், அதனால் அதைத் தொடவில்லை. எழுத்தளவைப் பெரிதாக்கி, பட்டன்கள் தானாகப் பூட்டும்படி செய்து, இணைய வசதியை நிறுத்தினேன். "2 அண்ணன், 3 அக்கா" என்று பெரிய எழுத்தில் ஒரு தாள் எழுதித் தலையணைக்கு மேலே சுவரில் ஒட்டினேன்.

முழுச் சார்ஜ் ஏற்றிய நேரத்தைக் குறித்துக்கொண்டு, எச்சரிக்கை ஒலி வரும் வரை விட்டுப் பார்த்தோம். திரையிலுள்ள கோடுகளை நம்பாதீர்கள். முதல் கோடு வெகுநேரம் நிற்கும், கடைசிக் கோடு சட்டென்று போய்விடும். மூன்று நாளுக்கு மேல் வரும் என்று கணக்குப் போட்டிருந்தேன், இரண்டரை நாளில் ஒலித்துவிட்டது. என்ன காரணம் என்று அழைப்புப் பட்டியலைப் பார்த்தால், குறுக்குவழி வந்த பிறகு அம்மா தினமும் ஒன்றரை மணி நேரம் பேசியிருக்கிறார். நோட்டைப் புரட்ட வேண்டிய வேலை இல்லையே!