ஒரு படம், இரண்டு வரி: தமிழிலும் ஆங்கிலத்திலும் வேறுவேறாகப் படக்குறிப்பு எழுதுவது எப்படி

மாங்குளத்துப் பக்கம் ஏ9 வீதியோரத்தில் எடுத்த படம் ஒன்றை நீங்கள் முகநூலில் போடுகிறீர்கள் என்றால், அதைப் பார்க்கப்போகிறவர்கள் மூன்று வகை. தமிழ் மட்டும் வாசிக்கிறவர்கள். லண்டனிலோ ரொறன்ரோவிலோ வளர்ந்து ஆங்கிலம் மட்டும் வாசிக்கிற பெறாமக்கள், கூடவே கொழும்பில் உங்களோடு வேலை செய்கிற சிங்கள நண்பர்கள். கடைசியாக, இரண்டையும் வாசிக்கிறவர்கள். நம் பெரும்பாலான படங்களுக்குக் கீழே தமிழில் ஒரு வரி, அதே வரி ஆங்கிலத்தில் இன்னொரு தரம் என்றுதான் இருக்கும். மூன்றாவது வகை ஆளுக்கு இது ஒரே சோற்றை இரண்டு தரம் பரிமாறிய மாதிரி. அதைவிடப் பெரிய குறை, முதல் இரண்டு வகைக்கும் தேவையானது ஒன்றல்ல. ஊர்க்காரருக்குப் பழம் என்னவென்று சொல்லத் தேவையில்லை, லண்டன் பிள்ளைக்கு அதிலிருந்துதான் தொடங்கவேண்டும்.

ஆகவே இரண்டு வரியும் வேறு வேறு வேலை செய்யட்டும். எப்படி என்று ஒரே படத்தை வைத்துக் கடைசிவரை பார்ப்போம்.

படம் இதுதான் என்று வைத்துக்கொள்ளுங்கள்: வீதியோரத்தில் ஒரு அம்மா, முன்னால் ஒரு பேசின் நிறையப் பாலைப்பழம், மஞ்சள் மஞ்சளாக. பழத்துக்கு மேலே ஒரு ரின்பால் பேணி கிடக்கிறது, அளந்து கொடுக்க. சுண்டுக் கணக்கில்தான் விற்கிறா.

முதலில், படம் சொல்லாததை எழுதிப் பாருங்கள்

ஒரு தாளில் இரண்டு பத்தி பிரியுங்கள். ஒன்றில் படத்தில் கண்ணுக்குத் தெரிவது: அம்மா, பேசின், மஞ்சள் பழம், பேணி. இன்னொன்றில் படத்தில் தெரியாதது: இடம் மாங்குளம், மாதம் ஜூன், பழத்தில் பால் இருக்கிறது, கொஞ்சம் கூடச் சாப்பிட்டால் உதடு ஒட்டிக்கொள்ளும், பிறகு தேங்காயெண்ணெய் தடவித்தான் எடுக்கவேண்டும், வாங்கும்போது அந்த அம்மா "தம்பி, கனக்கச் சாப்பிடாதேங்கோ" என்று சொன்னா, இந்தப் பழத்துக்காகக் கரடி மரமேறும்.

முதல் பத்தியை அப்படியே மறந்துவிடலாம். தெரிவதைத் திருப்பிச் சொல்ல இரண்டு மொழி தேவையில்லை, ஒரு மொழிகூடத் தேவையில்லை. உங்கள் இரண்டு வரியும் இரண்டாவது பத்தியிலிருந்துதான் வரவேண்டும். அந்தப் பத்தியில் இரண்டு விஷயமாவது சேரவில்லை என்றால் அந்தப் படத்துக்கு ஒரு மொழியில் ஒரு வரியோடு நிறுத்திவிடுவது நல்லது, இழுத்து எழுதினால் தெரிந்துவிடும்.

அப்புறம், யாருக்கு எது புதிது என்று குறியுங்கள்

இரண்டாவது பத்தியில் ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் "த" அல்லது "ஆ" போடுங்கள். பாலைப்பழம் உதட்டில் ஒட்டும் என்பதும், கரடி பாலை மரம் ஏறும் என்பதும் வன்னியில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும், அதனால் தகவலாக இரண்டும் "ஆ". இடமும் "ஆ". அந்த அம்மா சொன்ன பேச்சு "த", ஏனென்றால் அந்தக் குரல் எப்படி இருக்கும் என்று ஊர்க்காரர் காதில் உடனே கேட்கும். ஆங்கிலத்தில் அதைப் போட்டால் குரல் போய் வெறும் அறிவுரை மிஞ்சும்.

பொதுவாக, பேச்சும் நினைவும் தமிழ் வரிக்குப் போகும், இடமும் காரணமும் ஆங்கில வரிக்குப் போகும். எப்போதும் அப்படித்தான் என்றில்லை. தமிழ் வாசகரிலும் பலர் கோயம்புத்தூரிலோ கோலாலம்பூரிலோ இருக்கிறார்கள், அவர்களுக்கும் சேர்த்து எழுதுவதென்றால் தமிழ் வரியில் பழத்தின் பெயரையாவது போட்டுவிடுங்கள்.

தமிழ் வரியை முதலில் எழுதுங்கள்

```
பாலைப்பழம் வித்த அம்மாவே சொன்னா:
"கனக்கச் சாப்பிடாதேங்கோ தம்பி, வாய் ஒட்டும்."
```

இது போதும். இடம் இல்லை, விளக்கம் இல்லை, "அழகிய வன்னி மண்ணில்" என்ற மாதிரி எதுவும் இல்லை. வாசிக்கிறவர் தானும் கேட்காமல் சாப்பிட்டதை நினைத்துக்கொள்வார், கீழே கருத்துப்பெட்டியில் வந்து அதைச் சொல்லவும் செய்வார்.

இப்போது அதை மூடிவிட்டு ஆங்கில வரியை எழுதுங்கள்

மூடுவது முக்கியம். தமிழ் வரி கண்ணுக்கு முன்னால் இருந்தால் கை தானாக மொழிபெயர்க்கும். படத்தைப் பார்த்து, "ஆ" போட்ட குறிப்பைப் பார்த்து எழுதுங்கள். முதல் முயற்சி பெரும்பாலும் இப்படி வரும்:

```
Palu fruit, Mankulam, Sri Lanka.
```

பிழையில்லை, ஆனால் இது கடைப் பெயர்ப்பலகை. தமிழ் வரிக்கும் இதற்கும் ஒரு தொடுப்பும் இல்லை, இரண்டும் தற்செயலாக ஒரே படத்துக்குக் கீழே வந்து நிற்கின்றன. பெயரைப் பற்றி ஒன்று: பாலையைக் கொழும்பிலும், யால, வில்பத்து போகிறவர்களிடையிலும் பலு என்றுதான் சொல்வார்கள், அதனால் அந்த வாசகருக்கு அந்தப் பெயர் நல்லது. கரடியும் அவர்களுக்கு அங்கிருந்தே பழக்கம், பலு பழுக்கிற காலத்தில் கரடியைக் காண்பதற்கென்றே வில்பத்துக்குப் போகிறவர்கள் உண்டு. சரி, கரடியைக் கொண்டுவருவோம்:

```
Palu fruit, Mankulam. Sloth bears climb for it
every June, and nobody warns them.
```

இதை எழுதி முடித்ததும் நமக்கே பிடித்துவிடும். கரடிக்கு எச்சரிக்கை சொல்ல ஆளில்லை, நமக்குச் சொல்ல அந்த அம்மா இருக்கிறா. இரண்டையும் வாசிக்கிறவர் சிரிப்பார். ஆனால் ஆங்கிலம் மட்டும் வாசிக்கிற பிள்ளையை நினையுங்கள். எதைப்பற்றி எச்சரிக்கை? பழம் நஞ்சா? அந்த வரி தன் காலில் நிற்கவில்லை, தமிழ் வரியில் சாய்ந்து நிற்கிறது. மூன்றில் ஒரு வகை வாசகரைச் சிரிக்க வைக்க இன்னொரு வகையை வெளியே நிறுத்திவிட்டோம். இந்தப் பிழை வரிகள் நன்றாக வரத் தொடங்கும்போதுதான் வரும், அதனாலேயே கண்டுபிடிப்பது கடினம்.

திருத்தியது:

```
Palu fruit, Mankulam. Sweet, and it gums up your lips.
Sloth bears climb for it every June.
```

இப்போது ஆங்கில வரியில் பழம் என்ன, எங்கே, என்ன செய்யும், யார் தின்னும் எல்லாம் இருக்கிறது. எச்சரிக்கை பற்றிய பேச்சை எடுத்துவிட்டோம். இரண்டையும் வாசிக்கிறவர் அந்த அம்மாவையும் கரடியையும் தானே பக்கத்தில் பக்கத்தில் வைத்துக்கொள்வார், நாம் சொல்லிக்கொடுத்ததைவிட அதுதான் அவருக்கு இனிக்கும்.

கவனியுங்கள், இரண்டு வரிக்கும் பொதுவாக ஒன்று இருக்கிறது: உதட்டில் ஒட்டுவது. இது கொக்கி. தமிழில் அது ஒரு பேச்சாக வருகிறது, ஆங்கிலத்தில் தகவலாக வருகிறது. கொக்கி ஒன்று போதும். இரண்டு, மூன்று என்று பொதுவாக வந்தால் மறுபடி மொழிபெயர்ப்புக்குப் பக்கத்தில் போய்விடுவோம். ஒன்றுமே இல்லாவிட்டால் பெயர்ப்பலகைதான்.

சோதித்துப் பார்ப்பது

ஒரு வரியைக் கையால் மறைத்து மற்றதை வாசியுங்கள், பிறகு மாற்றி மறையுங்கள். மறைத்ததால் ஒரு கேள்வி பாக்கி நின்றால் அந்த வரி முடியவில்லை. அடுத்தது, இரண்டு மொழியும் தெரிந்த ஒருவரிடம் ஆங்கில வரியை மட்டும் கொடுத்து, இதைத் தமிழில் சொல்லுங்கள் என்று கேளுங்கள். அவர் சொல்வது உங்கள் தமிழ் வரிக்குக் கிட்ட வந்தால் ஆங்கில வரியைக் கிழித்துப் போட்டுவிட்டு மறுபடி "ஆ" குறிப்புகளுக்குப் போங்கள், சொல் மாற்றிப் பார்ப்பதால் அது சரிவராது.

இரண்டு வரியின் மனநிலையும் சண்டை போடக்கூடாது

வன்னியில் படம் எடுக்கிறவர்களுக்கு இதைத் தனியாகச் சொல்லியே ஆகவேண்டும். நந்திக்கடலில் வீச்சுவலை போடுகிற ஒருவரின் படம் என்று வையுங்கள். பின்னால் மாலை வெயில். தமிழில் வலி நிறைந்த ஒரு வரியும் ஆங்கிலத்தில் அழகான சூரிய அஸ்தமனம் என்றும் போட்டால், அது வேறு வேறு வரி அல்ல, ஒரு பக்கத்து வாசகருக்கு உண்மையை மறைப்பது. ஆங்கிலம் மட்டும் வாசிக்கிறவர் கீழே வந்து உல்லாசப் பயணத்துக்கு வழி கேட்பார், அதை ஊர்க்காரர் வாசிக்க நேரும்.

இந்தப் படத்தில் நான் வேலையைப் புரட்டிப் பிரிப்பேன். நந்திக்கடல் என்று கேட்டதும் நம்மவருக்கு ஆண்டும் மாதமும் சொல்லத் தேவையில்லை, அதனால் தமிழ் வரி இன்றைய நாளைப் பேசலாம். வெளியாளுக்கு அந்த ஆண்டைச் சொல்லாமல் விட்டால் அது வெறும் களப்பு.

```
நந்திக்கடலில் இண்டைக்கு இறால் நல்ல பாடாம்.

Nanthikadal lagoon, Mullaitivu, where the war ended
in May 2009. People make their living from it.
```

இங்கே கொக்கி தொழில். தமிழ் வரி இலேசாக இருக்கிறது, ஆனாலும் ஆங்கில வரியோடு முரண்படவில்லை.

இதே காரணத்தால், படத்தில் இருக்கும் ஆளைப்பற்றி அவருக்குத் தெரியாத மொழியில் எதையும் எழுதாதீர்கள். பழம் விற்ற அம்மாவுக்கு நேரே வாசித்துக் காட்டக்கூடியதைத்தான் ஆங்கிலத்திலும் எழுதவேண்டும். முகநூலில் மொழிபெயர்ப்புப் பொத்தான் இருக்கிறது, ஒரு மொழியில் எழுதியது அந்த மொழிக்குள்ளேயே நிற்கும் என்று நம்பமுடியாது.

போடும்போது

தமிழ் மேலே, ஆங்கிலம் கீழே, நடுவில் ஒரு வெற்று வரி. சாய்கோடு போட்டு ஒரே வரியில் சேர்த்தால் வாசிக்கிறவர் பின்னால் வருவதை மொழிபெயர்ப்பு என்று எடுத்துக்கொண்டு விட்டுவிடுவார். முகநூலும் இன்ஸ்ரகிராமும் நீளமான குறிப்பின் பின்பகுதியை மடித்து வைக்கும். தமிழ் வரி நீண்டால் ஆங்கிலம் முழுவதும் அந்த மடிப்புக்குள்ளே போய்விடும், போட்டபிறகு இன்னொருவரின் போனில் ஒருமுறை திறந்து பாருங்கள்.

கடைசியாக, பாமினியில் அடித்த தமிழை அப்படியே ஒட்டாதீர்கள். நம் பக்கத்துக் கணினிகளில் இன்னும் அந்த எழுத்துருதான் நிறைய. அதில் அம்மா என்று அடித்து முகநூலில் ஒட்டினால் இப்படித் தெரியும்:

```
mk;kh
```

யூனிகோட் விசைப்பலகையில் அடியுங்கள், அல்லது போனிலேயே தட்டுங்கள். ஏற்கெனவே பாமினியில் அடித்து வைத்திருந்தால் யூனிகோட்டுக்கு மாற்றித் தரும் இணையக் கருவிகள் இருக்கின்றன. மாற்றியபிறகு ஒற்றைக்கொம்பும் இரட்டைக்கொம்பும் சரியான இடத்தில் வந்திருக்கின்றனவா என்று ஒருமுறை வாசித்துப் பார்த்துவிட்டுப் போடுங்கள்.